இரண்டு ஊரிலும் சராசரி தீட்டா 0.00: அப்படியானால் இரண்டு குழுவும் சமமா?

அஸ்தம்பட்டி_மாணவி

வணக்கம். அளவியல் பாடத்தில் ஐ.ஆர்.டி. எனப்படும் வினா மறுமொழிக் கோட்பாடு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இதுவரை மொத்த மதிப்பெண், சரி விகிதம், கே.ஆர்.-20 என்ற நம்பக எண் இவ்வளவுதான் தெரியும். செய்முறைக்காக ஏழாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தாள் தயாரித்தோம், ஒவ்வொன்றிலும் 20 வினா. தாள் 1-ஐ சேலம் நகரத்தில் 240 பேர் எழுதினார்கள். தாள் 2-ஐ ஏற்காட்டு மலைக் கிராமங்களில் 180 பேர் எழுதினார்கள். ஆறு வினாக்கள் இரண்டு தாளிலும் ஒன்றுதான், மீதி 14 வேறு.

பழைய முறையில் பார்த்தால் சேலம் சராசரி 12.4, ஏற்காடு சராசரி 11.8. பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக, ஐ.ஆர்.டி.யின் எளிய வடிவமான ராஷ் மாதிரி ஓட்டினேன். தீட்டா, அதாவது ஆற்றல் எண், இரண்டு குழுவுக்கும் சராசரியாக 0.00 என்று வந்தது. அப்படியானால் இரண்டு குழுவின் ஆற்றலும் சமம் என்று எழுதலாமா? ஆனால் பொது வினா ஆறின் கடின எண்களும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஐ.ஆர்.டி.யில் கடினம் மாறாது என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்?

| வினா | சரி விகிதம், சேலம் | சரி விகிதம், ஏற்காடு | கடின எண், சேலம் | கடின எண், ஏற்காடு |
|---|---|---|---|---|
| 1 | 0.82 | 0.75 | −1.80 | −1.25 |
| 4 | 0.69 | 0.52 | −0.95 | −0.10 |
| 7 | 0.54 | 0.38 | −0.20 | 0.55 |
| 9 | 0.52 | 0.63 | −0.10 | −0.60 |
| 12 | 0.38 | 0.28 | 0.55 | 1.10 |
| 16 | 0.25 | 0.15 | 1.30 | 2.05 |

குகை_புள்ளியியல்

வகுப்பில் சொன்னது சரிதான். சரி விகிதம் யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது, கடின எண் அப்படி இல்லை. ஐ.ஆர்.டி.க்கு ஆட்கள் போவதே அதற்காகத்தான். ஒரே வினாவுக்கு இரண்டு ஊரில் இரண்டு கடின எண் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. முதலில் விடைத்தாள் பதிவைச் சரிபாருங்கள். இன்னொன்று, ராஷ் மாதிரி ஊகித்து எழுதுவதைக் கணக்கில் எடுக்காது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா என்றால் ஊகத்துக்கும் ஓர் எண் வைக்கும் மூன்று அளபுரு மாதிரிக்குப் போங்கள், எண்கள் ஒத்துவந்துவிடும்.

அஸ்தம்பட்டி_மாணவி

சார், எதுவும் தேர்ந்தெடுக்கும் வினா இல்லை. விடையை எண்ணாக எழுத வேண்டும். பதிவை இரண்டு பேர் தனித்தனியாக ஒப்பிட்டுவிட்டோம்.

அளவுகோல்

பதிவில் தப்பு இல்லை. உன் அட்டவணை ராஷ் மாதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ பெரும்பாலும் அப்படியே நடந்திருக்கிறது. ஒரே ஒரு வினாதான் வேறு மாதிரி போகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 0.00. அது உன் மாணவர்கள் தந்த விடை இல்லை, மென்பொருள் தானாக வைத்த தொடக்கப் புள்ளி. ராஷ் மாதிரி ஒருவர் ஒரு வினாவைச் சரியாகப் போடும் வாய்ப்பை இப்படிக் கணக்கிடுகிறது:

```
P = 1 / (1 + exp(-(θ - b)))
```

இதில் θ என்பது ஆற்றல், b என்பது வினாவின் கடினம். வேலை செய்வது இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். எல்லார் ஆற்றலோடும் 5 கூட்டி, எல்லா வினாவின் கடினத்தோடும் 5 கூட்டினால் எந்த வாய்ப்பும் மாறாது. ஆகவே பூஜ்யத்தை எங்கே வைப்பது என்று தரவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, யாராவது ஒரு இடத்தில் ஊன்ற வேண்டும். `mirt` மென்பொருள் அதை அந்த ஓட்டத்தில் இருக்கும் குழுவின் சராசரியில் ஊன்றுகிறது. நீ இரண்டு முறை ஓட்டினாய், இரண்டு இடத்தில் ஊன்றியது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அஸ்தம்பட்டியில் நிற்பவர் தன் காலடியைப் பூஜ்யம் என்று வைக்கிறார், ஏரிக்கரையில் நிற்பவரும் தன் காலடியைப் பூஜ்யம் என்று வைக்கிறார். இருவரும் "நான் பூஜ்யத்தில் நிற்கிறேன்" என்றால் இருவரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் எழுத மாட்டோம். இரண்டு இடத்திலிருந்தும் தெரிகிற ஒரு உச்சியை இருவரும் அளந்து சொன்னால்தான் காலடிகளுக்கு இடையே எவ்வளவு என்பது தெரியும். உன்னிடம் அப்படி ஆறு உச்சிகள் இருக்கின்றன. அந்தப் பொது வினாக்கள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தரவை வைத்து இரண்டு ஊரையும் எந்த முறையிலும் ஒப்பிட்டிருக்க முடியாது.

கழித்துப் பார். ஏற்காட்டுக் கடின எண்ணிலிருந்து சேலத்துக் கடின எண்ணைக் கழி:

வினா 1: 0.55
வினா 4: 0.85
வினா 7: 0.75
வினா 12: 0.55
வினா 16: 0.75
வினா 9: −0.50

முதல் ஐந்தும் ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு. சராசரி 0.69. 240, 180 பேர் என்ற அளவில் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் திட்டப் பிழை 0.22 அளவில் இருக்கும், ஆகவே 0.55-க்கும் 0.85-க்கும் இடையே ஊசலாடுவது இயல்பு. "கடினம் மாறாது" என்று வகுப்பில் சொன்னதன் முழு வடிவம் இதுதான்: ஊன்றுபுள்ளியைச் சரிக்கட்டிய பிறகு மாறாது. எண் அப்படியே வந்து நிற்கும் என்று மாதிரி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லா வினாவும் ஒரே அளவு நகரும் என்பதுதான் அதன் வாக்கு. இரண்டு அளபுரு மாதிரியாக இருந்தால் நகர்வோடு ஒரு பெருக்கமும் சேரும், அதையும் கண்டுபிடிக்க வேண்டும். ராஷில் கூட்டல் மட்டும் போதும்.

ஆக, ஏற்காட்டுக் குழுவின் சராசரி சேலத்து அளவுகோலில் −0.69. இரண்டு குழுவும் சமம் என்று எழுதாதே.

குகை_புள்ளியியல்

சரி, ஊன்றுபுள்ளியை நான் விட்டுவிட்டேன். எழுதும் வினா என்பதால் மூன்று அளபுருவும் வேண்டாம். ஆனால் ஒரு சந்தேகம். சரி விகிதத்திலும் ஐந்து வினாக்கள் ஒரே பக்கம்தானே நகர்ந்திருக்கின்றன? ஐந்திலும் ஏற்காடு குறைவு. பிறகு கடின எண் என்ன புதிதாகச் சொல்கிறது?

அளவுகோல்

பக்கம் ஒன்றுதான், அளவு ஒன்றாக இருக்க முடியாது. நடுத்தரமான ஒரு வினாவை எடுங்கள், கடின எண் 0. ஆற்றல் 0 உள்ளவர் சரியாகப் போடும் வாய்ப்பு 0.50. ஆற்றல் −0.69 உள்ளவருக்கு 0.33. வித்தியாசம் 0.17. இப்போது மிக எளிய வினா, கடின எண் −3. முதலாமவருக்கு 0.95, இரண்டாமவருக்கு 0.91. வித்தியாசம் 0.04. ஆட்கள் அதே இருவர், இடைவெளியும் அதே இடைவெளி. சரி விகிதத்தில் மட்டும் ஒரு இடத்தில் 17, இன்னொரு இடத்தில் 4 என்று தெரிகிறது. எல்லாரும் சரியாகப் போடுகிற இடத்தில் விகிதம் 1-இல் முட்டிக்கொள்கிறது, அதற்குமேல் விரிய இடமில்லை.

ஆகவே சரி விகிதங்களை நேரடியாகக் கழித்து "இந்த வினாவில் மட்டும் இடைவெளி அதிகம்" என்று சொன்னால், அது வினாவின் குணமா, விகிதம் முட்டியதால் வந்த தோற்றமா என்று பிரிக்க முடியாது.

பழைய_முறை

இதில் பழைய முறைக்கு நியாயம் செய்யவில்லை. சரி விகிதத்தை அப்படியே கழிக்கக் கூடாது என்பது மொத்த மதிப்பெண்காரர்களுக்கு ஐ.ஆர்.டி. பரவுவதற்கு முன்பே தெரியும். அதற்காகத்தான் ஆங்காஃப் டெல்டா வரைபடம் இருக்கிறது. தவறவிட்டவர் விகிதத்தை இயல்நிலைப் பரவலின் இசட் மதிப்பாக மாற்றி, 4-ஆல் பெருக்கி 13 கூட்ட வேண்டும். பாதிப்பேர் சரியாகப் போட்ட வினாவுக்கு 13 வரும், கடினம் ஏற ஏற எண் ஏறும்.

மாணவியின் அட்டவணையை அப்படியே மாற்றிப் பார்த்தேன். வினா 4 சேலத்தில் 11.02, ஏற்காட்டில் 12.80. வினா 1, சேலத்தில் 9.34, ஏற்காட்டில் 10.30. ஐந்து வினாக்களும் 0.96 முதல் 1.78 வரை ஏறுகின்றன. ஒன்பதாவது மட்டும் 12.80-இலிருந்து 11.67-க்கு, அதாவது 1.13 இறங்குகிறது. உங்கள் ராஷ் சொன்ன அதே செய்தி, ஒரு விரிதாளில் பத்து நிமிட வேலை.

பொது வினாவை வைத்து இரண்டு தாளை இணைப்பதும் ஐ.ஆர்.டி.யின் கண்டுபிடிப்பு இல்லை. டக்கர் முறை, லெவின் முறை இரண்டும் மொத்த மதிப்பெண்ணிலேயே அதைச் செய்கின்றன. "பழைய முறையால் முடியாது" என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு. குலுக்கிப் பிரிக்காத இப்படிப்பட்ட குழுக்களில், பொது வினா இல்லாமல் எந்த முறையாலும் முடியாது என்பதே சரி.

அளவுகோல்

முழுக்க ஏற்கிறேன். இந்த இரண்டு தாளுக்கு டெல்டா வரைபடம் போதும். ஒரு இடத்தில் மட்டும் பிரிவோம். டக்கர் முறை ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: பொது வினா மதிப்பெண்ணிலிருந்து மொத்த மதிப்பெண்ணைக் கணிக்கும் நேர்கோடு இரண்டு குழுவிலும் ஒன்றே. தாள் 1-ஐ ஏற்காட்டில் யாரும் எழுதவில்லை, ஆகவே இதைத் தரவில் சோதிக்க வழியில்லை. ராஷின் அனுமானம், அதாவது எல்லாப் பொது வினாவும் ஒரே அளவு நகர வேண்டும் என்பது, ஆறு எண்களாக நம் கண்முன் கிடக்கிறது, மீறினால் தெரிகிறது. மூன்றாவது தாள், நான்காவது தாள் என்று சேர்க்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகும்.

ஐந்துரோடு_கோச்சிங்

எங்களுக்கும் இதே தலைவலி. மாதிரித் தேர்வை சனி, ஞாயிறு இரண்டு ஷிஃப்டாக வைக்கிறோம், வேறு வேறு தாள். ஜே.இ.இ. மெயினில் செய்வதுபோல ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பர்சென்டைல் போட்டு ஒன்றாக்கிவிடுகிறோம். பொது வினாவே வைப்பதில்லை. இந்த மாணவியும் அப்படியே செய்யலாமே? இவ்வளவு கணக்கு எதற்கு?

அளவுகோல்

அவர் கேள்வி வேறு. பர்சென்டைலை ஷிஃப்டு வாரியாகப் போட்டு ஒன்றாக்கும்போது "இரண்டு ஷிஃப்டிலும் உட்கார்ந்த கூட்டம் சமமானது" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஏராளமானவர்களைக் குலுக்கிப் பிரித்து உட்காரவைத்தால் அது நியாயமான அனுமானம். அவருடைய இரண்டு குழுவும் குலுக்கிப் பிரித்தவை அல்ல, ஒன்று நகரம், ஒன்று மலை. பர்சென்டைல் போட்டால் இரண்டிலும் நடுவில் இருப்பவர் 50 பெறுவார், அவர் கண்டுபிடிக்க வந்த இடைவெளியையே அழித்துவிடும். இரண்டு ஓட்டத்திலும் சராசரி 0.00 வந்ததே, அதே தவறு வேறு உருவத்தில்.

உங்கள் ஷிஃப்டை மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்களா? வாரநாளில் பள்ளி முடித்து வருபவர்கள் ஒரு ஷிஃப்டிலும் முழுநேரமாகப் படிப்பவர்கள் இன்னொன்றிலும் சேர்ந்தால் உங்களுக்கும் பொது வினா தேவைப்படும். ஐந்தில் ஒரு பங்காவது வைப்பது வழக்கம்.

ஐந்துரோடு_கோச்சிங்

அவர்களேதான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பொது வினா வைத்தால் சனிக்கிழமை எழுதியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் சொல்லிவிடுவார்களே.

பழைய_முறை

சொல்லத்தான் செய்வார்கள். கசிந்த பொது வினா இரண்டாம் குழுவைத் திறமையானதாகக் காட்டும், பொது வினாவே இல்லாததைவிட அது கெடுதல். இரண்டு தாளையும் ஒரே நாளில், ஒரே அறையில், மாற்றி மாற்றிக் கொடுங்கள். அப்போது குழுக்கள் சமம், பொது வினாவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி_மாணவி

அக்கா, 0.69 புரிந்தது. அடுத்து தாள்களை எப்படி ஒப்பிடுவது? 20 வினாவின் சராசரிக் கடின எண் தாள் 1-க்கு −0.60, தாள் 2-க்கு −0.45. தாள் 2 கொஞ்சம் கடினம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அளவுகோல்

மறுபடியும் அதே கண்ணி. −0.45 ஏற்காட்டுக் காலடியிலிருந்து அளந்தது. சேலத்து அளவுகோலுக்குக் கொண்டுவர 0.69 கழிக்க வேண்டும், −1.14 வரும். தாள் 2 கடினமானது இல்லை. தாள் 1-ஐவிடச் சராசரியாக 0.54 லாஜிட் எளிதானது, லாஜிட் என்பது இந்த அளவுகோலின் அலகு. 12.4, 11.8 என்ற பக்கத்துப் பக்கத்து எண்கள் எப்படி வந்தன என்பதும் இங்கே விளங்கும்: ஆற்றல் குறைவும் தாளின் எளிமையும் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டன.

மதிப்பெண்ணாகச் சொன்னால், தாள் 2-இல் 12 எடுத்தவர் தாள் 1 எழுதியிருந்தால் ஏறத்தாழ 9.7 எடுத்திருப்பார். தாள் 2-இல் 12 எடுப்பவரின் தீட்டாவைக் கண்டுபிடி, அதே தீட்டாவுக்குத் தாள் 1-இன் 20 வினாவிலும் சரியாகப் போடும் வாய்ப்புகளைக் கூட்டு, அதுதான் அந்த எண். ராஷில் ஒரு தாளுக்குள் ஒரே மொத்தம் எடுத்த எல்லாருக்கும் ஒரே தீட்டா, எந்த வினாக்களைச் சரியாகப் போட்டார்கள் என்பது பொருட்டே இல்லை. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பெண்ணும் தீட்டாவும் கொண்ட ஒரு சின்ன அட்டவணை போட்டு வைத்தால் போதும்.

குகை_புள்ளியியல்

ஒரே மொத்தத்துக்கு ஒரே தீட்டா என்றால் ஒரு தாளுக்குள் தரவரிசை மாறவே மாறாதே. ஒரே தாள் எழுதிய வகுப்புக்கு ஐ.ஆர்.டி. தேவையில்லை என்று ஆகிறது.

அளவுகோல்

தரவரிசைக்குத் தேவையில்லை, ராஷ் மாதிரி வரைக்கும் உண்மை. மாறுவது இடைவெளியும் நம்பகமும். தாள் 1-இல் 10-க்கும் 11-க்கும் இடையே தீட்டாவில் சுமார் 0.23. 18-க்கும் 19-க்கும் இடையே சுமார் 0.87. ஒரு மதிப்பெண் என்பது எல்லா இடத்திலும் ஒரே நீளம் இல்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து "இருவரும் ஒரு மதிப்பெண் முன்னேறினார்கள்" என்று எழுதும்போது இது இடிக்கும்.

பிழையும் அப்படித்தான். மாணவியே, கே.ஆர்.-20 எவ்வளவு வந்தது?

அஸ்தம்பட்டி_மாணவி

தாள் 1-க்கு 0.76. திட்ட விலக்கம் 3.9. அளவீட்டுத் திட்டப் பிழை 3.9 × √(1 − 0.76) = 1.91 மதிப்பெண் என்று போட்டேன்.

அளவுகோல்

அந்த 1.91 எல்லாருக்கும் பொதுவான ஒரே எண். ராஷ் அட்டவணையில் 10 எடுத்தவரின் தீட்டாவுக்குப் பிழை சுமார் 0.5, 19 எடுத்தவருக்குச் சுமார் 1.1, இரு மடங்குக்கு மேல். காரணம் எளிது. 19 எடுத்தவருக்கு ஈடாக நிற்கும் கடின வினாக்கள் உன் தாளில் இல்லை. எல்லாமே அவருக்குக் கீழே, அவர் எவ்வளவு உயரம் என்று சொல்ல எதுவும் மேலே இல்லை. 20-க்கு 20 எடுத்தவருக்கு உச்ச நிகழ்தகவு முறையில் தீட்டாவே கிடைக்காது, எண் முடிவிலிக்கு ஓடும். `mirt`-இன் `fscores` தானாக ஒரு எண் தருகிறதே என்றால், அது இயல்பாக எடுக்கும் முறை குழுச் சராசரியை நோக்கி இழுத்துத் தருவது. அதைக் கவனிக்காமல் தனித்தனி ஓட்டங்களின் தீட்டாக்களைக் கலந்துவிடாதே, ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்பட்டவை.

பழைய_முறை

பழைய முறையிலும் மதிப்பெண்வாரிப் பிழை உண்டு, லார்டின் ஈருறுப்புப் பிழை. 10 எடுத்தவருக்கு √(10 × 10 ÷ 19) = 2.29 மதிப்பெண், 19 எடுத்தவருக்கு √(19 × 1 ÷ 19) = 1.00. ஆனால் பாருங்கள், இது எதிர்த்திசையில் போகிறது. 19 எடுத்தவருக்குப் பிழை குறைவு என்கிறது.

அளவுகோல்

இரண்டும் சரி, அதைச் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. மாணவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அவரை மறுபடி எழுதச் சொன்னால் மதிப்பெண் 18, 19, 20-க்குள்தான் ஆடும், ஏனென்றால் மேலே கூரை. ஆகவே மதிப்பெண்ணில் பிழை சிறியது. ஆனால் அந்த உச்சியில் ஒரே ஒரு மதிப்பெண் பெரிய ஆற்றல் தூரத்தை அடக்கியிருக்கிறது, ஆகவே ஆற்றலில் பிழை பெரியது. ஒரு அளவுகோல் நடுவில் விரிந்தும் ஓரங்களில் நசுங்கியும் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

இப்போது ஒன்பதாம் வினா. அது என்ன கேள்வி?

அஸ்தம்பட்டி_மாணவி

"மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். 12 கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் எத்தனை கிலோ கிடைக்கும்?"

நாகலூர்_வாத்தியார்

அம்மா, இதைக் கேட்டதும் விடை தெரிந்துவிட்டது. இங்கே ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நிழல் மரத்தின் மேலெல்லாம் மிளகுக் கொடிதான். மூணுக்கு ஒண்ணு என்பது வீட்டில் தினம் காதில் விழுகிற கணக்கு. பிள்ளைகள் விகிதம் போட்டு விடை எழுதவில்லை, தெரிந்ததை எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

அளவுகோல்

ஐயா சொல்வது எண்களோடு பொருந்துகிறது. மற்றவை +0.69 நகரும்போது இது −0.50 நகர்ந்திருக்கிறது. இடைவெளி 1.19, திட்டப் பிழையைப்போல ஐந்து மடங்குக்கு மேல். இதைக் கவனிக்காமல் ஆறையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.69-க்குப் பதில் 0.49 வரும். தாள் 2-இன் 12, தாள் 1-இல் 9.7-க்குப் பதில் 10.6 ஆகும். ஒரே ஒரு கோணலான பொது வினா ஏற்காட்டுக் குழுவில் 12 எடுத்த எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரு மதிப்பெண் மாற்றுகிறது.

"எடுத்துவிடுங்கள்" என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். இணைப்புக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், தாளிலிருந்து அல்ல. ஊருக்கு ஒரு கடின எண் என்று இரண்டு தனி வினாவாக அதை வைத்துக்கொள்ளலாம். பொது வினா ஆறையும் மட்டும் எடுத்து, ஒன்பதைத் தவிர மற்ற ஐந்தையும் இரண்டு ஊரிலும் சமமாகக் கட்டி ஓட்டிப் பார்:

```r
library(mirt)
g <- multipleGroup(podhu6, 1, group = oor, itemtype = "Rasch",
       invariance = c("q1","q4","q7","q12","q16",
                      "free_means","free_var"))
coef(g, IRTpars = TRUE, simplify = TRUE)
```

`oor` என்பதில் சேலம் முதல் குழுவாக இருக்க வேண்டும், அதன் சராசரி 0 ஆக நிற்கும். ஏற்காட்டுச் சராசரி −0.7-ஐ ஒட்டி வர வேண்டும். `IRTpars = TRUE` விட்டுப்போனால் `d` என்ற எண் வரும். அது எளிமை எண், குறி தலைகீழ். அதைக் கடினம் என்று வாசித்து எளிய வினாவைக் கடினம் என்று எழுதிய அறிக்கைகள் நிறைய.

அஸ்தம்பட்டி_மாணவி

ஓட்டினேன் அக்கா. ஏற்காட்டுச் சராசரி −0.68.

நாகலூர்_வாத்தியார்

ஒரு கேள்வி எனக்கு உறுத்துகிறது. மிளகு வினா மலைப்பிள்ளைகளுக்குச் சாதகம் என்று கண்டுபிடித்துத் தள்ளிவிட்டீர்கள். மற்ற ஐந்தில் என்ன கேட்டிருக்கிறீர்கள்?

அஸ்தம்பட்டி_மாணவி

1, 12, 16 வெறும் எண் கணக்கு சார். வினா 4, மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் தரைத்தளத்துக்குக் கீழே போவது, குறை எண். வினா 7, சேலம் ஜங்ஷனில் ரயில் நேரம், 24 மணிக் கணக்கு.

நாகலூர்_வாத்தியார்

மலை மேலே ரயிலும் இல்லை, தரைக்குக் கீழே போகிற லிஃப்டும் இல்லை. அப்படியென்றால் 0.69-இல் எவ்வளவு கணக்கு ஆற்றல், எவ்வளவு லிஃப்டும் ரயிலும்? மிளகுக்குக் காட்டிய கண்டிப்பை ரயிலுக்கும் காட்ட வேண்டாமா?

பழைய_முறை

வாத்தியார் கேட்டது இந்த இழையிலேயே கனமான கேள்வி. ஒரு வினா "கோணல்" என்று தனியாகச் சொல்ல முடியாது, மற்ற வினாக்களோடு ஒப்பிட்டால்தான் கோணல். ஆறில் ஐந்து நகரத்துச் சாயலில் இருந்தால் அந்த ஐந்தும் ஒன்றாக நகரும், ஆறாவதுதான் கோணலாகத் தெரியும். டெல்டா வரைபடமும் ராஷும் இதில் ஒரே குருடு.

அளவுகோல்

ஆம், எந்த வினாக்களை நேர் என்று பிடிக்கிறோம் என்பதைத் தரவு சொல்லாது. வினாவின் உள்ளடக்கம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓரளவு சோதிக்கலாம். சூழல் இல்லாத 1, 12, 16 மூன்றை மட்டும் எடுத்தால் நகர்வு 0.55, 0.55, 0.75. சராசரி 0.62. லிஃப்டும் ரயிலும் 0.85, 0.75. நீங்கள் சந்தேகப்பட்ட திசையில்தான் இருக்கிறது.

ஆனால் மூன்று வினாச் சராசரியின் திட்டப் பிழையே சுமார் 0.13. 0.62-க்கும் 0.69-க்கும் உள்ள 0.07 அதற்குள் அடங்கிவிடுகிறது. ரயில் வினா கோணல் என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது, கோணல் இல்லை என்றும் சொல்ல முடியாது.

குகை_புள்ளியியல்

ஆட்களைக் கூட்டினால் தீராதா? 180-ஐ 600 ஆக்கினால் பிழை குறையும்.

அளவுகோல்

ரயில் வினா தனியாகக் கோணலா என்பது தெளியும். வாத்தியாரின் பெரிய கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும், ஏனென்றால் எண் கணக்கு மூன்றும் நடுநிலை என்பதும் நம் தீர்மானம்தான். ஆட்களைக் கூட்டுவதைவிடப் பொது வினாக்களைக் கூட்டுவது நல்லது. இரண்டு ஊரிலும் புழங்குகிற சூழலில் நான்கைந்து, எண்ணாக மட்டும் நான்கைந்து.

பழைய_முறை

எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். மிளகு வினாவையே எதற்குத் தள்ள வேண்டும்? விகிதம் தெரிந்த பிள்ளை விகிதம் தெரிந்த பிள்ளைதான், வீட்டில் கற்றால் என்ன, பள்ளியில் கற்றால் என்ன? இணைப்பில் ஒரு ரயில் வினாவும் ஒரு மிளகு வினாவும் இருந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்யும்.

அளவுகோல்

சமன் ஆகுமா என்பது எத்தனை வினா, எவ்வளவு கோணல் என்பதைப் பொறுத்தது. இங்கே மிளகு 1.19 விலகுகிறது, ரயில் அதிகம் போனால் 0.13. சமன் ஆகாது. மூணுக்கு ஒண்ணு என்பதை மனப்பாடமாக எழுதினார்களா, கணக்குப் போட்டு எழுதினார்களா என்பதும் இன்னும் தெரியாது.

நாகலூர்_வாத்தியார்

அதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். அதே வினாவில் "ஐந்து கிலோவுக்கு இரண்டு கிலோ" என்று எண்ணை மாற்றிக் கேளுங்கள், 15 கிலோவுக்கு எவ்வளவு என்று. மிளகு அதே மிளகு, ஆனால் வீட்டில் கேட்ட எண் இல்லை. பிள்ளைகள் 5 கிலோ என்று எழுதினால் மூணுக்கு ஒண்ணு மனதில் ஓடுகிறது. 6 என்று எழுதினால் விகிதம் தெரிந்தவர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் செம்மடுவிலும் இங்கேயும் ஒரு ஐம்பது பேரிடம் கேட்டுவிடலாம்.

அஸ்தம்பட்டி_மாணவி

வருகிறேன் சார். மாற்றிய மிளகு வினாவோடு அதே 5-க்கு 2 விகிதத்தை வெறும் எண்ணாகவும் ஒரு வினா சேர்த்துக் கொண்டுவருகிறேன். இரண்டு வினாவையும் அடுத்த வாரம் சேலத்திலும் கேட்டுவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.

பழைய_முறை

5 என்று எழுதியவர்களைத் தவறு என்று மட்டும் குறிக்காதே. விடையை அப்படியே பதிவு செய். 0, 1 என்று மாற்றிவிட்டால் நாம் தேடுவது போய்விடும்.